காது டெஸ்ட் குறிப்பிலிருந்து ரிப்போர்ட்: அந்த எண் எந்தக் காதுடையது?

காரைக்குடியில் நான் வேலை பார்க்கும் இடத்துக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் ஒரே ஒரு வேலைதான் கொடுப்பேன். பழைய டெஸ்ட் தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, இதைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். ஆடியோமெட்ரி ரிப்போர்ட்டின் முதுகெலும்பு இரண்டே வாக்கியம்தான்: வலது காதில் என்ன வகைக் குறைபாடு, எவ்வளவு, இடது காதில் என்ன வகை, எவ்வளவு. பிள்ளைகள் கால்குலேட்டரைத் தட்டி பத்து நிமிடத்தில் எழுதிக் கொண்டுவந்துவிடுவார்கள். சராசரி சரியாக இருக்கும், வாக்கியம் அழகாக இருக்கும், ஆனால் இடது காதுக்கு எழுதியது முழுக்கத் தப்பாக இருக்கும். ஏன் அப்படி ஆகிறது என்பதைத்தான் இங்கே ஒரே ஒரு தாளை வைத்து மெதுவாகச் சொல்லப்போகிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன், எண்களின் போக்கு அப்படியே இருக்கிறது.

வந்தவருக்கு 56 வயது. புதுவயல் பக்கம் அரிசி ஆலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை. கூட வந்த மனைவிதான் முதலில் பேசினார்: "இவுக இடது பக்கம் உக்காந்தா ஒண்ணும் பேச முடியாது தம்பி, அந்தக் காது சின்னதுலயே போயிருச்சு. இப்ப ரெண்டு வருஷமா மத்த காதும் மந்தமா இருக்கு." சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததாகவும், கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிட்டதாகவும், அது வடிந்த பிறகு இடது காதில் கேட்கவில்லை என்று வீட்டில் சொல்வார்கள் என்றும் அவர் சொன்னார். காது மூக்கு தொண்டை டாக்டர் சீட்டில் இரண்டு வரி இருந்தது: இரண்டு செவிப்பறையும் முழுசாக இருக்கிறது, சீழ் இல்லை, நெற்றியில் இசைக்கவை வைத்தபோது வலது பக்கம் கேட்கிறது என்றார். இந்த இரண்டாவது வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

தாளில் உள்ளதைப் படிக்க இரண்டு சொல் தெரிந்தால் போதும், ஏசி, பிசி. ஏசி என்றால் காற்றுவழி. ஹெட்போன் மாட்டி, சத்தத்தைக் காதுத்துளை, செவிப்பறை, உள்ளே இருக்கும் மூன்று குட்டி எலும்பு எல்லாவற்றின் வழியாகவும் உள்காதுக்கு அனுப்புவது. பிசி என்றால் எலும்புவழி. காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் ஒரு சின்ன அதிர்வுக் கட்டையை வைத்து, வெளிக்காதையும் நடுக்காதையும் தாண்டி நேரே உள்காதையே அதிர வைப்பது. இரண்டிலும் ஒவ்வொரு சுருதியிலும் ஆள் கேட்கக்கூடிய ஆகக் குறைந்த சத்தம் எத்தனை டெசிபல் என்று குறித்துக்கொள்வோம். எண் கூடக் கூட கேட்கும் திறன் குறைவு.

வகை இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் தெரியும். பிசி நன்றாக இருந்து ஏசி மட்டும் மோசமாக இருந்தால் உள்காது நல்லாத்தான் இருக்கிறது, வழியில் எங்கோ அடைப்பு என்று அர்த்தம், அது கடத்தல் வகை. அழுக்கு, நடுக்காதில் நீர், செவிப்பறையில் ஓட்டை, எலும்பு இறுகிப்போவது எல்லாம் இதில் வரும். ஏசியும் பிசியும் சேர்ந்தே மோசமாகி, இரண்டுக்கும் வித்தியாசம் 10 டெசிபலுக்குள் இருந்தால் கோளாறு உள்காதிலோ நரம்பிலோ, அது நரம்பு வகை. பிசியும் கெட்டு, அதற்கு மேல் 10-ஐத் தாண்டிய இடைவெளியும் இருந்தால் கலப்பு வகை. இது பாடப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கும், யாரும் இதில் தவறுவதில்லை.

சரி, வலது காதை எடுத்துக்கொள்வோம். தாளில் சிவப்பு மையில் இருந்தது இது:

வலது ஏசி: 500 ஹெர்ட்ஸில் 20, 1000-ல் 25, 2000-ல் 40, 4000-ல் 60, 8000-ல் 45.
வலது பிசி: 500-ல் 15, 1000-ல் 25, 2000-ல் 35, 4000-ல் 55.

இடைவெளி எங்குமே 5-ஐத் தாண்டவில்லை, ஆக நரம்பு வகை. அளவுக்கு, பேச்சுக்கு முக்கியமான 500, 1000, 2000 மூன்றின் ஏசி எண்களையும் கூட்டி மூன்றால் வகுக்கிறோம்: 20, 25, 40, மொத்தம் 85, சராசரி 28.3. நம் ஊர் கிளினிக்குகளில் பெரும்பாலும் கையாளும் கிளார்க்கின் 1981-ஆம் வருஷப் பிரிவின்படி 26 முதல் 40 வரை லேசான குறைபாடு, அதாவது நாம் மைல்ட் என்று சொல்வது. அதற்கு மேல் 55 வரை மாடரேட், 70 வரை மாடரேட்லி சிவியர், 90 வரை சிவியர், அதையும் தாண்டினால் புரொஃபவுண்ட்.

இங்கே ஒரு விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையில் 4000-ஐயும் சேர்த்து நான்கு சுருதிக்குச் சராசரி எடுக்கச் சொல்கிறது, அதன் பிரிவுகளும் வேறு, 20-லிருந்து 35-க்குள் இருந்தால்தான் லேசானது, 35 ஆகிவிட்டால் மிதமானது. நம் ஆளுக்கு அப்படிப் பார்த்தால் 145-ஐ நான்கால் வகுக்க 36.25 வருகிறது, அதாவது மாடரேட். அதே காது, அதே நாள், அதே எண்கள், பெயர் மட்டும் மாறிவிட்டது. இதில் எது சரி என்று சண்டை போடத் தேவையில்லை, எந்தச் சராசரி, எந்தப் பிரிவு என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். அதை எழுதாமல் விட்டால், ஆறு மாதம் கழித்து வேறு ஊரில் டெஸ்ட் எடுத்து "மாடரேட்" என்று வரும்போது, காது இன்னும் மோசமாகிவிட்டது என்று அந்தக் குடும்பம் பயந்துபோய் வந்து நிற்கும். நான் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வெறும் "லேசான நரம்பு வகைக் குறைபாடு" என்று எழுதி நிறுத்தினாலும் இந்தக் காதுக்கு நியாயம் செய்ததாகாது. 1000 வரைக்கும் 25-க்குள் இருக்கிறது, 2000-லிருந்து சரிகிறது, 4000-ல் 60 வரை பள்ளம் விழுந்து 8000-ல் 45-க்கு மேலேறி வருகிறது. வீட்டில் மின்விசிறி சத்தமும் பேச்சின் இரைச்சலும் கேட்கும், ஆனால் ச, த, ப போன்ற சத்தம் குறைந்த மெய்யொலிகள் நழுவிப் போகும், அதனால்தான் "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னு புரியல" என்கிறார். சராசரி இந்தப் பள்ளத்தை மறைத்துவிடும், ஆகவே வாக்கியத்தில் வடிவத்தையும் எழுத வேண்டும். பேச்சு டெஸ்ட்டில் இரண்டு அசைச் சொற்களை அவர் பாதிக்குப் பாதி திருப்பிச் சொன்ன அளவு 30 டெசிபல். அது 28.3-க்குப் பக்கத்தில் இருக்கிறது, 10 டெசிபலுக்குள் ஒத்துப்போனால் பட்டன் அழுத்திய எண்களை நம்பலாம். வசதியான சத்தத்தில் 25 சொல்லில் 22 சரியாகச் சொன்னார், 88 சதவீதம். வலது காது முடிந்தது.

இப்போது இடது. நீல மையில் முதல் சுற்றில் எழுதியிருந்தது:

இடது ஏசி: 500-ல் 65, 1000-ல் 70, 2000-ல் 85, 4000-ல் 105, 8000-ல் பதில் இல்லை.
இடது பிசி: 500-ல் 15, 1000-ல் 25, 2000-ல் 35, 4000-ல் 55.

பிள்ளைகள் எல்லோரும் இந்த இடத்தில்தான் மாட்டுவார்கள். 65, 70, 85, சராசரி 73.3, சிவியர். பிசி ஆரம்பத்தில் நார்மல், பிறகு குறைகிறது, இடைவெளி 45, 50 என்று பெரிசாக இருக்கிறது. ஆக "இடது காதில் கடுமையான கலப்பு வகைக் குறைபாடு" என்று எழுதிவிடுகிறார்கள். விதிப்படி பார்த்தால் தப்பே இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தைப் படிக்கும் டாக்டர், உள்காது ஓரளவு நல்லாயிருக்கிறது, நடுக்காதைச் சரிசெய்தால் 50 டெசிபல் திரும்பக் கிடைக்கும் என்று நினைப்பார். ஸ்கேன், அறுவைச் சிகிச்சை, மதுரைக்கும் திருச்சிக்கும் அலைச்சல், கடன் என்று அந்தக் குடும்பம் ஒரு வாக்கியத்தின் பின்னால் ஓட ஆரம்பிக்கும். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு இடத்தில் ஒரு பெண்ணின் இப்படிப்பட்ட ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அங்கே மாஸ்கிங் செய்ய, அதாவது மறுகாதில் இரைச்சல் போட்டு அதை மூடிவைக்க, நேரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், நானும் சரி என்று தலையாட்டினேன். அந்தப் பெண்ணின் அப்பா திரும்பி வந்து என்னிடம் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

அந்த இடது பிசி எண்களை வலது பிசி எண்களோடு வைத்துப் பாருங்கள். 15, 25, 35, 55. அங்கேயும் 15, 25, 35, 55. நான்கும் அச்சு அசலாக ஒன்று. ஏன்? மண்டை எலும்பு முழுக்க ஒன்றாக ஒட்டியிருக்கிறது. இடது காதுக்குப் பின்னால் அதிர்வுக் கட்டையை வைத்தாலும் அந்த அதிர்வு கிட்டத்தட்டக் குறையாமலேயே வலது உள்காதுக்கும் போய்விடும். எந்த உள்காது நல்லாயிருக்கிறதோ அது முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடும், ஆள் பட்டனை அழுத்துவார், நாம் இடது பக்கம் எழுதிக்கொள்வோம். பெரிய வீட்டில் முன்கட்டு வாசலில் தட்டினாலும் பின்கட்டிலிருந்து ஆள் வந்து கதவைத் திறந்த மாதிரிதான். திறந்தது யார் என்று பார்க்காமல் முன்கட்டில் ஆள் இருக்கிறார் என்று எழுதிக்கொள்ள முடியாது.

ஏசிக்கும் இதே கதைதான், கொஞ்சம் தள்ளி நடக்கிறது. சாதாரண ஹெட்போனில் ஒரு பக்கம் வைக்கும் சத்தம் மண்டை வழியாக மறுபக்கம் போக 40 டெசிபலாவது இழக்கும், சிலருக்கு 50, 60 கூட. காதுக்குள் செருகும் வகை இயர்போன் என்றால் இன்னும் அதிகமாக இழக்கும். அதனால் விதி இதுதான்: டெஸ்ட் செய்யும் காதின் ஏசிக்கும் மறுகாதின் பிசிக்கும் வித்தியாசம் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்த எண்ணை நம்பாதே. நம் ஆளுக்கு 500-ல் இடது ஏசி 65, வலது பிசி 15, வித்தியாசம் 50. 1000-ல் 45, 2000-ல் 50, 4000-ல் 50. நான்கிலும் 40-ஐத் தாண்டுகிறது. எண்களை வரைபடமாகப் போட்டால் இடது காதின் கோடு, வலது காதின் கோட்டை 45, 50 டெசிபல் கீழே இறக்கி வரைந்த மாதிரியே இருக்கிறது. இதை நிழல் கோடு என்று சொல்வோம். தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தாலே இரண்டு கோடும் அண்ணன் தம்பி போலத் தெரியும்.

பிசிக்கு விதி இன்னும் எளிது. மண்டை எதையும் குறைப்பதில்லை என்பதால், அந்தக் காதில் ஏசிக்கும் பிசிக்கும் 10-க்கு மேல் இடைவெளி தெரிந்தாலே பிசியை மறுபடி, மறுகாதை மூடிவைத்து எடுத்தாக வேண்டும்.

எண்ணுக்கு வெளியேயும் சாட்சி இருந்தது. டாக்டர் சீட்டின் இரண்டாவது வரி ஞாபகம் இருக்கிறதா? நெற்றியில் இசைக்கவை வைத்தால் வலது பக்கம் கேட்டது. வெபர் என்று இதைச் சொல்வார்கள். இடது காதில் உண்மையிலேயே 45, 50 டெசிபல் கடத்தல் பங்கு இருந்திருந்தால் சத்தம் அடைப்புள்ள இடது பக்கம்தான் ஒதுங்கியிருக்கும். அது நல்ல காது பக்கம் போயிருக்கிறது என்றால் இடது உள்காதே பேசவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். டிம்பனோமெட்ரியில் இரண்டு காதும் ஏ வகை, அதாவது நடுக்காது அழுத்தமும் செவிப்பறை அசைவும் சரியாக இருக்கிறது. இது மட்டும் போதாது, எலும்பு இறுகும் நோயில்கூட ஏ வகை வரும். ஆனால் அடுத்த வரியில் ரிஃப்ளெக்ஸ் இருந்தது: வலது காதில் பலத்த சத்தம் கொடுத்து இடது காதில் அளக்கும் முனையான புரோப்பை வைத்துப் பார்த்தபோது, இடது நடுக்காதின் குட்டித் தசை சுருங்கியது தெரிந்தது. நடுக்காதில் கோளாறு இருக்கும் பக்கம் புரோப் வைத்தால் இந்த அசைவு சாதாரணமாகத் தெரியாது. ஆக இடது நடுக்காதில் பழுது இல்லை. அப்படியானால் அந்தப் பெரிய இடைவெளி எங்கிருந்து வந்தது? வலது காதிலிருந்து.

இப்போது மாஸ்கிங். வலது காதில் அந்தந்தச் சுருதிக்கேற்ற இரைச்சலைப் போட்டு அதைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, இடது காதை மட்டும் பதில் சொல்லவிடுவது. 1000 ஹெர்ட்ஸில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். வலது காதின் ஏசி 25, அதற்கு மேல் 10 சேர்த்து 35-ல் இரைச்சல் போட்டோம். இடது காதில் முதலில் 70-ல் கேட்டது இப்போது கேட்கவில்லை, 75-லும் இல்லை, 80-ல் பட்டனை அழுத்தினார். இரைச்சலை 45 ஆக்கினோம், 80 மறைந்து 90-ல் கேட்டது. 55 ஆக்கினால் 100. 65 ஆக்கினால் 110. 75 ஆக்கினோம், எந்திரம் கொடுக்கக்கூடிய 110-லும் பதில் இல்லை.

இரைச்சலைக் கூட்டக் கூட எண் துரத்திக்கொண்டே போகிறது பாருங்கள். இடது காது சொந்தமாகக் கேட்டிருந்தால், இரைச்சலை மூன்று நான்கு படி கூட்டினாலும் எண் ஒரே இடத்தில் நின்றிருக்கும். அந்த நின்ற இடத்தைத்தான் சமதளம் என்போம், அதுதான் அந்தக் காதின் உண்மையான எண். இங்கே சமதளமே வரவில்லை, அதனால் முதலில் கேட்டது அத்தனையும் வலது காது. மற்றச் சுருதிகளிலும் இதேதான்: 500, 2000, 4000 எல்லாவற்றிலும் 110-ல் பதில் இல்லை. பிசியும் 1000-லிருந்து மேலே எந்திரத்தின் எல்லையான 70 வரை பதில் இல்லை.

500-ல் மட்டும் பிசியில் 55-ல் பட்டனை அழுத்தினார். இது இன்னொரு பொறி. இரைச்சலை ஏற்றினாலும் அந்த 55 அசையவில்லை, அப்படியே எழுதிக்கொண்டால், ஏசி 110-ல் இல்லை, பிசி 55-ல் இருக்கிறது, இடைவெளி 55-க்கு மேல், மறுபடி கலப்பு வகை என்று வந்து நிற்கும். அவரிடம் கேட்டேன்: "ஐயா, கேட்டுச்சா, அதிருச்சா?" யோசித்துவிட்டு, "சத்தமின்னு இல்ல தம்பி, எலும்புல குறுகுறுன்னு இருந்துச்சு" என்றார். தாழ்ந்த சுருதியில் அதிர்வுக் கட்டை பலமாக அடிக்கும்போது தோலும் எலும்பும் அதைத் தொட்டு உணர்ந்துவிடும், 250-ல் 25 டெசிபலிலேயே, 500-ல் 55 வாக்கில். அது காது கேட்டதாகாது. தாளில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் "அதிர்வு உணர்ந்தார், கேட்கவில்லை" என்று எழுதினால்தான் ரிப்போர்ட் எழுதுபவர் தப்பிப்பார். டெஸ்ட் எடுத்தவரும் எழுதுபவரும் வேறு வேறு ஆளாக இருக்கும் இடத்தில் இந்த மூன்று சொல் பெரிய உதவி.

அப்புறம் இடது காதின் சராசரி. பதிலே இல்லாத இடத்தில் 110 என்று வைத்துக் கூட்டி வகுத்து "சராசரி 110" என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அது அளந்த எண் இல்லை, எந்திரம் நின்ற இடம். சராசரி கணக்கிட முடியவில்லை, 110 வரை பதில் இல்லை என்று எழுதுவதே நேர்மை. 90-ஐத் தாண்டிவிட்டது நிச்சயம் என்பதால் அளவை புரொஃபவுண்ட் என்று சொல்லத் தடையில்லை. வகையைச் சொல்வதில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். பிசி எந்திரம் 70-ல் நின்றுவிடுகிறது, ஏசி 110 வரை போகிறது, நடுவில் இருக்கும் 40 டெசிபலில் என்ன இருக்கிறது என்று பிசி எண் சொல்லாது. ஏ வகையும், இடது புரோப்பில் ரிஃப்ளெக்ஸ் வந்ததும், வெபர் வலது போனதும் சேர்ந்துதான் நரம்பு வகை என்று சொல்ல வைக்கிறது. ஆகவே அந்தக் காரணத்தையும் வாக்கியத்தோடு சேர்த்தே எழுதுவேன். பேச்சு டெஸ்ட்டிலும் முதல் சுற்றில் இடது காதுக்கு 75 என்று ஒரு எண் இருந்தது, வலதை மூடிவைத்து எடுத்தபோது ஒரு சொல்லும் வரவில்லை. அந்த 75 ரிப்போர்ட்டுக்குள் போகக்கூடாது.

கடைசியாக டைப் செய்து கொடுத்தது இப்படி இருந்தது:

வலது காது: லேசான நரம்பு வகைக் குறைபாடு. 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் சராசரி 28.3 டெசிபல், கிளார்க் 1981 பிரிவு. 1000 ஹெர்ட்ஸ் வரை 25 டெசிபலுக்குள், 2000-லிருந்து சரிந்து 4000-ல் 60 டெசிபல், 8000-ல் 45. பேச்சு டெஸ்ட் 30 டெசிபல், சராசரியோடு ஒத்துப்போகிறது. சொல் புரிதல் 88 சதவீதம்.

இடது காது: மிகக் கடுமையான குறைபாடு, நரம்பு வகை. வலது காதை மாஸ்கிங் செய்து எடுத்ததில் ஏசி 110 டெசிபல் வரையும், 1000 ஹெர்ட்ஸிலிருந்து மேலே பிசி 70 வரையும் பதில் இல்லை. 500 ஹெர்ட்ஸ் பிசியில் 55-ல் வந்தது அதிர்வு உணர்வு மட்டுமே. டிம்பனோமெட்ரி ஏ வகை, இடது புரோப்பில் ரிஃப்ளெக்ஸ் உண்டு, வெபர் வலது, இவை நடுக்காதுக் கோளாறு இல்லை என்பதைக் காட்டுகின்றன. பேச்சு டெஸ்ட்டில் பதில் இல்லை.

பொது: ஹெட்போனில், ஒலி அடக்கிய அறையில் எடுக்கப்பட்டது. பதில்கள் நம்பத்தக்கவை. இரண்டு காதுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதால் காது மூக்கு தொண்டை டாக்டரின் ஆலோசனை தேவை.

இந்த ரிப்போர்ட்டில் பொன்னுக்கு வீங்கியால் போனது, ஆலைச் சத்தத்தால் வந்தது என்று நான் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டும் நடக்கக்கூடியவைதான். பொன்னுக்கு வீங்கி ஒரு காதை அடியோடு கொண்டுபோவது தெரிந்த விஷயம், 4000-ல் பள்ளம் சத்தத்தின் கையெழுத்து மாதிரி. ஆனால் ஆடியோகிராம் என்ற இந்த வரைபடம் வகையையும் அளவையும் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. "சிறு வயதில் பொன்னுக்கு வீங்கிக்குப் பின் இடது காது கேட்கவில்லை என்கிறார், அரிசி ஆலையில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை" என்று வரலாற்றுப் பகுதியில் அவர் சொன்னதாக எழுதுவது சரி, முடிவுப் பகுதியில் எழுதுவது தப்பு. ஒரு பக்கம் மட்டும் நரம்பு வகைக் குறைபாடு இருந்தால் டாக்டர் நரம்பில் கட்டி எதுவும் இல்லையே என்றும் பார்க்க நினைப்பார். நாம் காரணத்தை முடிவு செய்து எழுதிவிட்டால் அந்த யோசனையே நின்றுபோகலாம்.

அவருடைய மகன், இதை வைத்து மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். 2016-ஆம் வருஷத்துச் சட்டம் இரண்டு காதிலும் 60 டெசிபல் முதல் என்று சொல்கிறது, இவருக்கு வலது காது 28-ல் இருக்கிறது, அதனால் ஒரு காது முழுக்கப் போனாலும் அதில் வராது என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். சதவீதத்தை அரசு மருத்துவக் குழுதான் சொல்லும், நம் ரிப்போர்ட்டில் சதவீதம் எழுதும் பழக்கமே வேண்டாம்.

மாஸ்கிங் செய்யாத தாள் உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்வது? இது அடிக்கடி நடக்கும், குறிப்பாக முகாம் தாள்களில். ஒருமுறை கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டு வளவில் முகாம் போட்டிருந்தார்கள். உயர்ந்த கூரை, ஆத்தங்குடிக் கல் தரை, நான்கு பக்கமும் எதிரொலி, வாசலில் ஜெனரேட்டர். அங்கே எடுத்த தாள்களில் எல்லோருக்கும் 250-லும் 500-லும் 35, 40 என்று இருந்தது, மேல் சுருதிகள் நன்றாக இருந்தன. ஊர் முழுக்க ஒரே மாதிரி குறைபாடா வரும்? அறையின் இரைச்சல் தாழ்ந்த சுருதிகளை மூடியிருக்கிறது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட தாளில் இடம், அறையின் நிலை இரண்டையும் எழுதி, ஒலி அடக்கிய அறையில் மறுபடி எடுக்க வேண்டும் என்று முடிப்பேன், வகையைச் சொல்ல மாட்டேன். மாஸ்கிங் இல்லாத இடது காதுக்கும் அதேதான்: "இடது காது ஏசி எண்கள் மாஸ்கிங் இன்றி எடுக்கப்பட்டவை, மறுகாதின் பங்கு இருக்க வாய்ப்புண்டு, வகையையும் அளவையும் தீர்மானிக்க இயலவில்லை" என்று எழுதலாம். பிள்ளைகளுக்கு இதை எழுதக் கூச்சமாக இருக்கும், வேலை தெரியாதவர் எழுதியதுபோல இருக்குமே என்று. டாக்டருக்கு அந்த வரிதான் வேண்டும், அதைப் பார்த்துவிட்டு அவரே மறு டெஸ்ட்டுக்கு அனுப்புவார்.

கையெழுத்துக்கு முன் நான் செய்யும் ஒரே வேலை, தாளையும் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து, சிவப்பு வலது, நீலம் இடது என்று விரல் வைத்து ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்ப்பது. பக்கம் மாறிப்போவது டைப் செய்யும்போதுதான் நடக்கும், அதுவும் கறுப்பு மையில் ஜெராக்ஸ் எடுத்த தாளில் வலதுக்குப் போடும் வட்டம் எது, இடதுக்குப் போடும் பெருக்கல் குறி எது என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும். அன்றைக்கு அந்த அம்மா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும், "அப்ப இவுகளுக்கு வலது பக்கம் உக்காந்தே பேசணும், அந்தப் பக்கத்துக்கு மெசினு வெச்சாப் போதும், அப்படித்தானே தம்பி?" என்றார். ஆமாம் என்றேன். அவர் எழுந்து கணவரின் வலது பக்க நாற்காலிக்கு மாறி உட்கார்ந்துகொண்டார்.